நடந்தாள், பேசினாள், ‘சரி’ன்னும் சொன்னாள். அது சம்மதமா?

“அவள் மட்டையாகவே இல்லையே, தானாகத்தான் நடந்து வந்தாள், கேட்டதுக்கு சரின்னுதானே சொன்னாள்.” நிறையக் குடித்திருந்த ஒருத்தியிடம் உறவு வைத்துக்கொண்டவர் பிறகு சொல்லும் விளக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நினைவு தப்பி விழுந்தால்தான் போதை, அதுவரைக்கும் சொல்வதெல்லாம் சம்மதம் என்று நம்புவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

ஒரு பிறந்தநாள் பார்ட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் மூன்று லார்ஜ் குடிக்கிறாள், அதாவது 180 மில்லி, ஒரு குவார்ட்டர். ஒன்பதரைக்குக் கிளாஸைக் கீழே வைக்கும்போது நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் கடைசியாகக் குடித்தது முழுசாக ரத்தத்தில் ஏற அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம், அதனால் குடிப்பதை நிறுத்திய பிறகும் போதை ஏறிக்கொண்டுதான் இருக்கும். பத்தரைக்கு அவள் “என் போன் எங்கே?” என்கிறாள். “உன் பையில்தான் இருக்கு” என்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி, முதல் தடவை கேட்பது போலவே.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ரத்தத்தில் சாராயம் வேகமாக ஏறும்போது, நடப்பதைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் வேலை செய்வதை நிறுத்திவிடலாம். ஆங்கிலத்தில் பிளாக்அவுட் என்பார்கள். அந்த நிலையிலும் ஒருவர் சிரிப்பார், பாடுவார், மாடிப்படி ஏறுவார், “என் ரூமுக்கு வர்றியா?” என்று கேட்டால் “ம், சரி” என்றும் சொல்வார். மறுநாள் நினைவில்லை என்பது மட்டுமே அவருக்கு அப்போது சம்மதிக்கும் திறன் இல்லை என்று நிரூபித்துவிடாது, அதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த அளவுக்குப் போதை ஏறியவருக்கு, பின்விளைவை யோசித்து வேண்டாம் என்று நிறுத்தும் திறனும் சேர்ந்தே மங்கியிருக்கும். பேச்சு குழறுவது, பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியாதது, எங்கே இருக்கிறோம் என்றே குழம்புவது, இதெல்லாம் தெரிந்தால் அவர் வாயிலிருந்து வரும் ‘சரி’யை நம்பக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவின்படி, எதற்குச் சம்மதிக்கிறோம், அதனால் என்ன ஆகும் என்பதைப் போதையால் புரிந்துகொள்ள முடியாத நிலையில் ஒரு பெண் ‘சரி’ சொல்லியிருந்தாலும் அது பாலியல் வன்புணர்வுதான். பழைய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவிலும் இது இருந்தது. அவளே விரும்பிக் குடித்திருந்தாலும் இது மாறாது. எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்து அவள் சம்மதித்தாள் என்று சொல்லவும் முடியாது. “நானும்தான் குடிச்சிருந்தேன்” என்பதும் எடுபடாது, விரும்பிக் குடித்தவருக்குப் போதை ஒரு சாக்கு கிடையாது. இந்தப் பிரிவு பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவர்களாகப் பார்க்கிறது, அது பெரிய குறை. போதையில் கிடக்கும் ஆணாலும் சம்மதம் தர முடியாதுதானே.

ஒரு மடக்கு பீர் குடித்தாலே சம்மதம் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. குடித்திருப்பவரும் தெரிந்தே சம்மதிக்கலாம், ஆனால் நினைவு தப்புவதற்கு வெகு முன்னாலேயே தேர்ந்தெடுக்கும் திறன் போய்விடலாம். இத்தனை பெக் வரைக்கும் பரவாயில்லை என்று கணக்கெல்லாம் கிடையாது. சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்த தவறு, கருப்பு காபியோ எலுமிச்சைச் சாறோ கொடுத்துத் தெளிய வைத்துவிட்டுக் கேட்கலாம் என்பது. அந்த 180 மில்லியில் கிட்டத்தட்ட 60 கிராம் சாராயம் இருக்கிறது, கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். ஆக, முழுசாகத் தெளிய ஆறு மணியிலிருந்து எட்டு மணி நேரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். காபி குடித்தால் தூக்கம் வேண்டுமானால் கலையும், போதை இறங்காது. “சாயங்காலமே இன்னைக்கு உன்கூடத்தான் தங்குவேன்னு சொன்னாளே” என்பதும் உதவாது, சம்மதம் அந்தச் செயலுக்கு, அந்த நேரத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பார்ட்டியில் இருப்பவர் நீங்கள் என்றால், அவள் போன் எங்கே என்று இரண்டாவது தடவை கேட்கும்போதே அவள் நம்பும் தோழியைக் கூப்பிடுங்கள். யாராவது அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தால் நடுவில் போய் நில்லுங்கள். தூங்கிவிட்டால் மல்லாக்கப் படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் உடனே 108க்கு போன் செய்யுங்கள்.