மதீனா சாசனத்தைப் பிரிவு பிரிவாக வாசிப்பது எப்படி?

622இல் மக்காவிலிருந்து குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்குப் பின், மதீனா எனப் பெயர் பெற்ற யத்ரிபின் குலங்களுக்கிடையே நபிகள் நாயகம் (ஸல்) எழுதச் செய்த உடன்படிக்கையை வரலாற்று ஆவணமாக வாசிக்க நான் பின்பற்றும் முறை இது.

படி 1. முழு வாசகத்தை எடுங்கள். "உலகின் முதல் அரசியலமைப்பு" என்று பத்து வரியில் சுருக்கும் பிரசுரங்கள் இதற்கு உதவாது. மூல ஏடு நம் கைக்கு வரவில்லை. இப்னு ஹிஷாம் வழியாக வந்த இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாற்றிலும், அபூ உபைதின் 'கிதாபுல் அம்வால்' நூலிலும் வாசகம் இருக்கிறது. முன்னதை அடிப்படையாக வையுங்கள். திரையில் வாசிக்காமல் தாளில் அச்சிட்டு, இரண்டு நிறப் பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2. ஒரு நிறத்தில் குலப்பெயர்களைக் கோடிடுங்கள். முதலில் மக்காவிலிருந்து வந்த குறைஷி முஹாஜிர்கள், பிறகு அவர்களை ஏற்ற மதீனாவாசிகளான அன்சாரிகளின் எட்டுக் குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரே விதிதான்: கொலைக்கான இரத்தப் பணத்தைக் குலமே சேர்ந்து செலுத்தும், கைதியை ஈட்டுத்தொகை கொடுத்து மீட்கும். அன்சாரிகளின் இரு பெரும் பிரிவுகளான அவ்ஸும் கஸ்ரஜும் புஆஸ் போரில் மோதிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஊர் அது. பழைய குல அமைப்பைக் கலைக்காமல் அதன் மேலேயே இந்த ஏற்பாடு கட்டப்பட்டிருக்கிறது.

படி 3. பலரும் தடுக்கி நிற்கும் இடம் இது. நானும் நெடுநேரம் நின்றேன். யூதர்கள் பற்றிய பகுதியில் பனூ அவ்ஃபின் யூதர்கள், பனூ நஜ்ஜாரின் யூதர்கள் என்று அரபுக் குலங்களின் பெயராலேயே பட்டியல் போகிறது. "யூதர்களுக்கு அவர்களின் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்களின் மார்க்கம்" என்ற வரியும் இங்கேதான் வருகிறது. ஆனால் கைனுகா, நழீர், குறைழா என்ற மூன்று பெரிய யூதக் குலங்களின் பெயர் எங்குமே இல்லை. நேச அரபுக் குலங்களின் பெயருக்குள் அவர்களும் அடக்கம் என்பது ஒரு விளக்கம். அவர்களோடு தனி ஒப்பந்தங்கள் இருந்தன என்பது இன்னொன்று. அவர்கள் மதீனாவில் இல்லாமல் போனபின் வாசகம் இந்த வடிவம் பெற்றது என்பது மூன்றாவது. ஆவணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே "மூன்று யூதக் குலங்களும் கையொப்பமிட்டன" என்று எழுதுபவரிடம் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.

படி 4. இரண்டாம் நிறத்தில், திரும்ப வரும் வரிகளைக் கோடிடுங்கள். போர் நடக்கும்வரை யூதர்களும் நம்பிக்கையாளர்களான முஃமின்களோடு செலவில் பங்கேற்பார்கள் என்ற விதி இரண்டு முறை வருகிறது. தகராறுகளை அல்லாஹ்விடமும் முஹம்மதிடமும் கொண்டுவர வேண்டும் என்பதும் அப்படியே. ஒரே அமர்வில் எழுதிய ஆவணத்தில் இது ஏன்? பல ஒப்பந்தங்கள் பிற்பாடு ஒரே ஏட்டில் சேர்க்கப்பட்டன என்று ஆய்வாளர் சார்ஜென்ட் வாதிட்டு, எட்டு ஆவணங்களாகப் பிரித்தார். எட்டு என்பது எனக்கு மிகையாகப் படுகிறது. ஒட்டு இருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

படி 5. காலத்தைக் கணியுங்கள். மக்காவின் குறைஷிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கக் கூடாது என்று ஒரு பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தப் பிரிவாவது 630இல் மக்கா வெற்றிக்கு முந்தையது.

பின்சேர்க்கை: பிரிவு எண்கள் பொருந்தவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். மூலத்தில் எண்களே கிடையாது. ஜெர்மன் ஆய்வாளர் வெல்ஹவுசன் 47ஆகப் பிரித்தார். முஹம்மது ஹமீதுல்லாஹ் சிலவற்றை மேலும் பிரித்ததால் 52 ஆயிற்று. மேற்கோள் காட்டும்போது யாருடைய எண் என்பதையும் குறிப்பிடுங்கள்.