எதிர் தரப்பு வக்கீலுக்கு வாய்தா கடிதம்: 'ஓகே' வாங்கினால் போதாது

குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்த வாதி, பத்தரை மணிக்கெல்லாம் சத்துவாச்சாரி கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். பாகப்பிரிவினை வழக்கு, நாங்கள் பிரதிவாதி தரப்பு. அன்று அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். முந்தின இரவே என் ஜூனியர் எதிர் தரப்பு வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் "நாளைக்கு வாய்தா ஓகேவா சார்?" என்று கேட்டு, "ஓகே" என்று பதிலும் வாங்கியிருந்தார். ஆனால் அந்த வக்கீல் அன்று கோர்ட்டுக்கு அனுப்பிய அவருடைய ஜூனியருக்கு விஷயமே தெரியாது, சாட்சிக்கும் யாரும் சொல்லவில்லை. வந்து நிற்கும் சாட்சியை நீதிபதி எதற்குத் திருப்பி அனுப்புவார்? குறுக்கு விசாரணை இல்லை என்று பதிந்து முடித்துவிட்டார். அப்புறம் சாட்சியைத் திரும்ப அழைக்கக் கட்டளை 18 விதி 17-இல் மனு போட்டு, செலவுத்தொகை கட்டி மீள வேண்டியதாயிற்று.

இரண்டு வக்கீலும் ஒத்துக்கொண்டால் வாய்தா கிடைத்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. வாய்தா கொடுப்பது நீதிபதி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17 விதி 1, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தா என்று வரம்பு வைக்கிறது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமாகாது என்றும் அதே விதி சொல்கிறது. நம்மில் பலர் கடிதத்தில் முதலில் எழுதுவதே அந்தக் காரணத்தைத்தான்!

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மேற்படி வழக்கு வரும் 14-ஆம் தேதி வா.சா.1 குறுக்கு விசாரணைக்கு உள்ளது. என் கட்சிக்காரர் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருப்பதால் குறிப்பு பெற முடியவில்லை. 21, 25, 28 ஆகிய தேதிகளில் தங்கள் சாட்சிக்கு வசதியானதைத் தெரிவிக்கவும். கூட்டு மெமோவை நாங்கள் தயாரிக்கிறோம். நீதிமன்றம் ஏற்காவிட்டால் அன்றே விசாரணை நடத்தத் தயாராக வருவோம். சாட்சி வர வேண்டுமா என்பதைத் தாங்கள் முடிவு செய்யலாம்."

கடைசி இரண்டு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "சாட்சி வர வேண்டாம்" என்று நாமே எழுதிவிட்டு, மறுநாள் மெமோ நிராகரிக்கப்பட்டால் பழி நம் தலையில்தான் விழும். வழக்கு எண், கோர்ட், எந்தக் கட்டம் என்பதெல்லாம் தலைப்பிலேயே வந்துவிட வேண்டும். படிப்பவர் டைரியைப் புரட்டாமலே பதில் சொல்ல முடிய வேண்டும். தேதி கொடுக்கும் முன் மே மாத விடுமுறையைப் பாருங்கள், நம் கட்சிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இடைக்காலத் தடை. தடை உத்தரவு "அடுத்த வாய்தா வரை" என்று இருந்தால், கூட்டு மெமோவில் அதை நீட்டிக்கவும் கேட்டிருக்க வேண்டும். தேதியை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, சாயங்காலம் உத்தரவைப் படிக்கும்போதுதான் தடை நீட்டிக்கப்படாதது தெரியும். மறுநாள் காலையில் எதிராளி காம்பவுண்டுக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்திருப்பார்.