நருட்டோ 136-ஆம் எபிசோடில் ஏன் தடம் மாறியது? ஃபில்லர் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறான கணக்குகள்

'நருட்டோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் 135-ஆம் எபிசோடில், சாசுகேவிடம் தோற்றுத் திரும்பிய நருட்டோ உடம்பெல்லாம் கட்டுகளோடு மருத்துவமனையில் கிடக்கிறான். நண்பன் ஊரை விட்டுப் போய்விட்டான், அவனைத் திரும்ப அழைத்து வருவதாகச் சகுராவுக்குக் கொடுத்த வாக்கு பொய்த்துவிட்டது. இதற்குமேல் என்ன நடக்கப்போகிறது என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அடுத்த வாரம் 136-ஆம் எபிசோட் வந்தது. குரு ஜிராயா, நருட்டோ, சகுரா மூவரும், சாசுகே தேடிப்போன வில்லன் ஒரோச்சிமாருவின் மறைவிடத்தைத் தேடி நெல்வயல் நாட்டுக்குக் கிளம்பினார்கள். மூலப் படக்கதையான மங்காவில் இப்படி ஒரு பயணமே கிடையாது. அதன் பிறகு பறவை நாடு, கடல் நாடு, காய்கறி நாடு என்று மூலக்கதை அறியாத ஊர்களில் அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். அசல் கதை சூடுபிடிக்க 2007 பிப்ரவரி ஆகிவிட்டது.

மங்காவில் இல்லாமல் அனிமேக்காகவே எழுதிச் செருகும் இத்தகைய கதைகளைத்தான் ஃபில்லர் என்பார்கள். இந்த 80 சொச்சம் எபிசோட்களைப் பற்றி ரசிகர்கள் பேசும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரிய தவறு, காசுக்காக இழுத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. காசு இல்லாமல் தொலைக்காட்சி இல்லை என்பது உண்மைதான். ஆனால், ஏன் சரியாக 2005-இல், ஏன் அந்த இடத்தில், ஏன் அவ்வளவு நீளத்துக்கு என்ற கேள்விகளுக்கு அந்த வரி பதில் சொல்லாது. கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

மசாஷி கிஷிமோட்டோவின் மங்கா 1999 இலையுதிர் காலத்தில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கியது. வாரத்துக்கு ஓர் அத்தியாயம், சுமார் இருபது பக்கம். புத்தாண்டு, மே மாத விடுமுறை, ஆகஸ்ட் விடுமுறை ஆகியவற்றுக்கு இரண்டு இதழ்களை ஒன்றாக்கிவிடுவார்கள் என்பதால் ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவான அத்தியாயங்களே வரும். ஸ்டூடியோ பியரோ தயாரித்த அனிமே 2002 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கியபோது மங்கா மூன்று ஆண்டு முன்னால் இருந்தது. அதாவது சுமார் 140 அத்தியாயங்கள் கையிருப்பு. பார்ப்பதற்குத் தாராளமாகத்தான் தெரிகிறது.

இப்போது செலவுப் பக்கம். அரைமணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம், தொடக்கப் பாடல், முடிவுப் பாடல், முன்கதைச் சுருக்கம் எல்லாம் போக இருபது நிமிடம் கதை வேண்டும். சண்டைக் காட்சி நிறைந்த மங்காவில் ஓர் அத்தியாயத்தைச் சில நிமிடங்களில் படித்துவிடலாம். அதை அப்படியே படமாக்கினால் பாதி எபிசோட் கூட நிறையாது. முதல் பகுதியின் 238 அத்தியாயங்களை அனிமே 135 எபிசோட்களில் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. சராசரி, எபிசோடுக்கு ஒன்றே முக்கால் அத்தியாயம். மங்காவோ வாரத்துக்கு ஒன்றுகூட முழுதாகத் தருவதில்லை. ஒரு குழாயில் தண்ணீர் விழும் தொட்டியை இரண்டு குழாய் வழியே திறந்துவிட்டால் எப்போதாவது அடித்தரை தெரியத்தான் செய்யும்.

வாரத்துக்கு முக்கால் அத்தியாயத்துக்குச் சற்று மேல் கையிருப்பு குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை ஆண்டு, 135 வாரம் கழித்து, 2005 மே மாத வாக்கில் 140-இல் மிஞ்சியது இருபத்தைந்தைத் தாண்டாது. அந்தச் சமயத்தில் மங்காவின் இரண்டாம் பகுதி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

இருபத்தைந்து அத்தியாயம் இருந்ததே, அதை வைத்து ஓட்டியிருக்கலாமே என்பது அடுத்த தவறு. எபிசோட் என்பது திங்கட்கிழமை இதழ் வந்ததும் வியாழக்கிழமை வரைந்து முடிக்கிற காரியம் இல்லை. திரைக்கதை, காட்சி வரைவு, அசைவுப் படங்கள், வண்ணம், குரல் பதிவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வாரக்கணக்கில் ஆகிறது. பல குழுக்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு எபிசோட்களில் வேலை செய்வதால்தான் வாரம் ஒன்று வெளிவருகிறது. ஆகவே இன்று ஒளிபரப்பாகும் எபிசோடின் கதை பல மாதங்களுக்கு முன்பே அச்சில் வந்திருக்க வேண்டும். அந்த மாதங்களைக் கழித்தால் இருபத்தைந்து அத்தியாயம் என்பது வெறுங்கை. ஃபில்லர் எழுதும் முடிவும் கடைசி வாரத்தில் எடுக்கப்படுவதல்ல. 136-ஐ நாம் பார்த்தபோது அதற்குப் பின்னால் வரும் பல கதைகள் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருக்கும்.

சரி, ஓராண்டு நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கியிருக்கலாமே? இன்றைய பார்வையாளர் கேட்பது நியாயம், ஏனென்றால் இன்று அப்படித்தான் நடக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று எபிசோட் ஒரு பருவம், பிறகு இடைவெளி, மங்கா முன்னேறியதும் அடுத்த பருவம். 2005-இல் சிறுவர்களுக்கான மாலை நேரத் தொடருக்கு இந்த வழக்கம் வேரூன்றவில்லை. அந்த அரைமணி இடம் ஆண்டு முழுவதும் அந்தத் தொடருக்கே என்று ஒதுக்கப்பட்டிருக்கும். விளம்பரதாரர்கள் அதை நம்பிப் பணம் போட்டிருப்பார்கள். பொம்மைகளும் விளையாட்டுகளும் தொடர் ஓடும் வரைதான் விற்கும். இடத்தை விட்டால் வேறொரு தொடர் வந்து உட்கார்ந்துவிடும், திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தோயி நிறுவனத்தின் 'ஒன் பீஸ்' போன்ற நிரந்தரத் தொடரே 2024 அக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை புதிய கதையை நிறுத்திவைத்தபோது அது செய்தியானது. கால் நூற்றாண்டு ஓடிய தொடர் அதுவரை எடுக்காத நீளமான ஓய்வு அது.

கிஷிமோட்டோவைத் திட்டுகிறவர்களையும் பார்க்கலாம். அவர் அந்த இரண்டு ஆண்டும் வாராவாரம் அசல் கதையைத்தான் வரைந்துகொண்டிருந்தார். காய்கறி நாட்டுக்கு நருட்டோவை அனுப்பியது அனிமேயின் எழுத்தாளர் குழு.

அந்தக் குழுவின் நிலை பரிதாபமானது. ஃபில்லரில் ஒன்றுமே நடப்பதில்லை என்று குறைப்படுவது, அவர்கள் எந்தக் கட்டுக்குள் எழுதினார்கள் என்பதைப் பார்க்கத் தவறுவதால் வருகிறது. மங்கா அடுத்து எங்கே போகும் என்பது அவர்கள் கையில் இல்லை. ஆகவே முக்கியமானவர் யாரும் சாகக் கூடாது, நருட்டோ புதிய வித்தை எதையும் நிரந்தரமாகக் கற்கக் கூடாது, சாசுகேவைக் கண்டுபிடித்துவிடவும் கூடாது. புதிதாக ஒருவனை உருவாக்கலாம், ஆனால் கதை முடிவதற்குள் அவன் செத்துவிட வேண்டும் அல்லது தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே எல்லாரையும் கொண்டுவந்து விட வேண்டும். இந்தத் தடயத்தை வைத்தே ஃபில்லரை அடையாளம் காணலாம். முன்பின் தெரியாத ஒரு நாடு, அங்கே பாதுகாப்புக் கேட்டு வரும் ஒருவர், நாலைந்து எபிசோடில் தீரும் சிக்கல், அடுத்த கதையில் அதைப் பற்றி யாரும் மூச்சு விடாமல் இருப்பது. இவை நான்கும் சேர்ந்தால் ஐயமே வேண்டாம்.

கட்டு இருந்தாலும் சில நேரம் நன்றாக வந்திருக்கிறது. 101-ஆம் எபிசோட் ஃபில்லர்தான். முகமூடி போட்ட ஆசிரியர் ககாஷியின் முகத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று மூன்று மாணவர்களும் படாதபாடு படுகிறார்கள். கடைசியில் அவரே முகமூடியைக் கழற்றுகிறார், உள்ளே இன்னொரு முகமூடி. முகத்தைக் காட்டினால் மங்காவோடு மோதும் என்ற தடையையே நகைச்சுவையாக்கிய எழுத்தாளருக்கு ஒரு சபாஷ். தடையைச் சுமையாக மட்டும் எடுத்துக்கொண்ட கதைகள்தான் சலிப்பூட்டுகின்றன, அவை எண்ணிக்கையில் அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எங்கே நிறுத்துவது என்பதிலும் திறமை இருக்கிறது. நருட்டோவுக்கு இயல்பான ஓர் இடைவெளி கிடைத்தது. சாசுகே போன பிறகு நருட்டோ ஜிராயாவோடு பயிற்சிக்குக் கிளம்புகிறான், கதை இரண்டரை ஆண்டு தாண்டுகிறது. அவன் கிளம்புவதற்குச் சற்று முன்னால் ஃபில்லர் முழுவதையும் செருகிவிட்டார்கள். 'ப்ளீச்' தொடருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே ஹுவேகோ முண்டோ போர் உச்சத்தில் இருந்தபோது 168 முதல் 189 வரை, புதிதாக வந்த தலைவர் ஒருவரின் கதை குறுக்கே நுழைந்தது. போர்க்களத்தில் நின்றவர்கள் ஐந்து மாதம் அப்படியே காத்திருந்தார்கள்.

இழுத்துக் காட்டுவதையெல்லாம் ஃபில்லர் என்று சொல்வது இன்னொரு தவறு. மூலக்கதையையே மெல்ல ஓட்டுவது வேறு தந்திரம். 'ஒன் பீஸ்' பெரும்பாலும் இந்த வழியில் போனது. டிரெஸ்ரோசா பகுதி மங்காவில் 102 அத்தியாயம், அனிமேயில் 118 எபிசோட். எபிசோடுக்கு ஓர் அத்தியாயம் கூட இல்லை. திகைத்த முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டியும் சென்ற வாரக் காட்சியைத் திரும்ப ஓட்டியும் நேரத்தைக் கரைத்தார்கள். இதில் தவிர்த்துவிட்டுப் போக எபிசோட் எதுவும் கிடையாது, ஏனென்றால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கதை இருக்கிறது. எனக்கு இதைவிடத் தனிக்கதை ஃபில்லரே மேல், வேண்டாதவர் ஒதுக்கிவிடலாம். அதேபோல 2003-இல் வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' அனிமேயின் பின்பாதியை ஃபில்லர் என்பதும் பொருந்தாது. மங்கா முடிய நாளாகும் என்று தெரிந்து, தனக்கென ஒரு முடிவை எழுதி 51 எபிசோடில் நிறைவு செய்த தொடர் அது. மங்காவின் வழியே போகும் இன்னொரு தொடர் 2009-இல் தனியாக வந்தது.

கடைசியாக, பட்டியலைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு தவிர்ப்பவர்களுக்கு. நருட்டோவில் 136 முதல் 220 வரை மொத்தமாகத் தாண்டிவிடச் சொல்லும் பரிந்துரை பரவலாக இருக்கிறது. அதைப் பின்பற்றினால் 141-ஐ இழப்பீர்கள். சகுரா, மருத்துவ வித்தையில் தேர்ந்த ட்சுனாடேயிடம் சென்று தன்னை மாணவியாக ஏற்கும்படி கேட்பது அங்கேதான், அது மங்காவில் உள்ள காட்சி. நருட்டோ ஊரை விட்டுக் கிளம்பும் 220-ஐயும் இழப்பீர்கள். பிறகு தொடர்ச்சியான 'ஷிப்புடென்' தொடங்கும்போது சகுரா எப்படி மருத்துவம் கற்றாள் என்று விழிக்க வேண்டியிருக்கும். 143 முதல் 219 வரை விட்டால் மூலக்கதையில் ஒன்றும் குறையாது.

அந்த ஒன்றே முக்கால் ஆண்டில் மங்கா ஓடிய தூரத்தால் 'ஷிப்புடென்' சுமார் தொண்ணூறு, நூறு அத்தியாயக் கையிருப்போடு தொடங்க முடிந்தது. வேகக் கணக்கு மாறவில்லை என்பதால் அதுவும் நெடுநாள் தாங்கவில்லை. 2008-லேயே, 57-ஆம் எபிசோடில் மீண்டும் ஒரு ஃபில்லர் கதை தொடங்கிவிட்டது.