மாதிரியாக்க அறிக்கை திருத்துகையில் மதிப்பெண் தவறான இடத்துக்குப் போவது எப்படி

கணித மாதிரியாக்க அறிக்கைக்கு விடைக்குறிப்பு கிடையாது. அதனால் திருத்துபவர் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறார். எடுகோள்கள் என்ற தலைப்பின் கீழ் ஆறு வரி இருக்கிறதா, வரைபடத்தில் கோடு புள்ளிகளின் மேல் போகிறதா, முடிவுரையில் ஓர் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறார். இந்த மூன்று அடையாளங்களும் ஏமாற்றக்கூடியவை. எப்படி என்பதை ஒரே உதாரணத்தில் பார்க்கலாம்.

உதாரணம் பழையது: அமெரிக்க மக்கள்தொகை. 1920-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பேர்ல், லோவல் ரீட் இருவரும் 1790 முதல் 1910 வரையிலான கணக்கெடுப்புகளுக்கு ஒரு லாஜிஸ்டிக் வளைவைப் பொருத்தினார்கள். இன்றும் இளங்கலை வகுப்புகளில் மாணவர்கள் இதே தரவை எடுத்து இதே வளைவைப் போடுகிறார்கள். எண்களைக் கோடியில் எழுதினால் வளைவு இப்படி வரும்:

```
N(t) = 19.73 / (1 + 67.32 e^(-0.03134 t)),   t = ஆண்டு - 1780
```

19.73 கோடிதான் K. மக்கள்தொகை நெருங்கிக்கொண்டே போய், தாண்டாமல் நிற்கும் உச்சவரம்பு அது. இந்த வளைவை வைத்து ஒரு மாணவர் அறிக்கை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 மதிப்பெண்: எடுகோள்களுக்கு 6, தரவோடு சரிபார்ப்பதற்கு 8, முடிவை விளக்குவதற்கு 6.

எடுகோள்களை எண்ணுவது

அறிக்கையில் ஆறு எடுகோள்கள் இருக்கின்றன. போர் வராது, கொள்ளைநோய் வராது, கணக்கெடுப்பு துல்லியமானது, காலநிலை மாறாது, ஆண் பெண் விகிதம் மாறாது, குடியேற்றம் புறக்கணிக்கத்தக்கது. ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் என்று ஆறும் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ஒவ்வொரு எடுகோளையும் விரலால் மறைத்துவிட்டு, சமன்பாட்டில் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். காலநிலையையும் ஆண் பெண் விகிதத்தையும் நீக்கினால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் சமன்பாட்டில் அவற்றுக்கு இடமே இல்லை. அவை அலங்காரம். அவற்றுக்கு மதிப்பெண் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

இதே சோதனையைத் திருப்பியும் செய்ய வேண்டும். சமன்பாடு எதை எடுத்துக்கொண்டிருக்கிறது, அறிக்கை அதைச் சொல்லியிருக்கிறதா? லாஜிஸ்டிக் சமன்பாட்டின் உயிரே, மக்கள்தொகை கூடக்கூட தலைக்கு ஆகும் வளர்ச்சி விகிதம் நேர்கோட்டில் குறைகிறது என்பதுதான். ஆறு எடுகோள்களில் அது இல்லை. K மாறாது என்பதும் இல்லை. நாட்டின் பரப்பு மாறாமல் இருந்தால்தான் அப்படி ஒரு மாறாத உச்சவரம்பைப் பேச முடியும். 1803-ல் லூயிசியானா பகுதி வாங்கப்பட்டதிலிருந்து அமெரிக்காவின் எல்லை பலமுறை விரிந்திருக்கிறது.

நேர்கோட்டுக் குறைவை மாணவரே தரவில் பார்த்திருக்கலாம். பத்தாண்டு வளர்ச்சியைக் கணக்கிட்டால் 1790 முதல் 1860 வரை ஒவ்வொரு பத்தாண்டும் 32 சதவீதத்துக்கும் 37 சதவீதத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. மக்கள்தொகை எட்டு மடங்காகியும் விகிதம் இறங்கவில்லை. இறக்கம் 1860-க்குப் பிறகுதான் தெரிகிறது. 1900–1910-ல் அது 21 சதவீதம். எல்லை விரிந்துகொண்டும் ஆட்கள் வந்துகொண்டும் இருந்த நாட்டில் இது ஆச்சரியமில்லை. இந்த ஒரு கணக்கைப் போட்டு, எடுகோள் முதல் எழுபது ஆண்டுகளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று எழுதிய மாணவர் ஆறு வரி எழுதியவரைவிட மேல்.

குடியேற்றம் பற்றிய வரி வேறு வகைச் சிக்கல். இது சமன்பாட்டோடு தொடர்புள்ள எடுகோள்தான், ஆனால் அதற்குக் காரணம் சொல்லப்படவில்லை. 1901–1910-ல் மட்டும் அமெரிக்காவுக்கு வந்து இறங்கியவர்கள் சுமார் 88 லட்சம். அந்தப் பத்தாண்டின் மொத்த வளர்ச்சி சுமார் 1.6 கோடி. வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள் என்றாலும் இதைப் புறக்கணிக்கத்தக்கது என்று சொல்ல முடியாது. குடியேற்றம் தனி உறுப்பாக இல்லை, அதன் விளைவு 0.03134 என்ற வளர்ச்சி விகித எண்ணுக்குள் கலந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் சரி. இந்த அறிக்கைக்கு எடுகோள் பகுதியில் 6-க்கு 2 போதும்.

பொருத்தத்தைச் சரிபார்ப்பு என்று நம்புவது

மதிப்பெண் பெருமளவில் வீணாவது இங்கேதான். மாணவர் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்: 1790, 1850, 1910 ஆகிய ஆண்டுகளில் மாதிரி தரும் எண்ணும் கணக்கெடுப்பு எண்ணும் இம்மி பிசகாமல் ஒத்துப்போகின்றன. கீழே, மாதிரி சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி.

ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? வளைவில் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் மூன்று. அந்த மூன்றையும் கண்டுபிடித்ததே இந்த மூன்று ஆண்டுகளை வைத்துத்தான். கொடுத்ததைத் திருப்பி வாங்கியதற்கு மதிப்பெண் கிடையாது. திருத்தும்போது முதலில் கேட்க வேண்டியது, அளவுருக்களைக் கண்டுபிடிக்க எந்தப் புள்ளிகள் பயன்பட்டன, ஒப்பிட எந்தப் புள்ளிகள் பயன்பட்டன என்பதே. இரண்டும் ஒன்றாக இருந்தால், அட்டவணை எவ்வளவு அழகாக இருந்தாலும், 8-க்கு 2-ஐத் தாண்ட வேண்டாம்.

R² மதிப்பும் இதே போல் கண்ணைக் கட்டும். இதே 13 கணக்கெடுப்புகளின் மடக்கைக்கு ஒரு நேர்கோடு போடுங்கள், அதாவது வரம்பே இல்லாத அடுக்குக்குறி வளர்ச்சி. R² 0.995 வரும். முழு மதிப்பெண் போடத் தோன்றும் எண் இது. ஆனால் அந்தக் கோடு 1940-க்குச் சொல்வது 23.7 கோடி. உண்மையில் எண்ணப்பட்டது 13.17 கோடி.

இந்தத் தவறை 1940 வரை காத்திருக்காமலே கண்டுபிடிக்கலாம். கணக்கெடுப்பிலிருந்து மாதிரியைக் கழித்து, வித்தியாசத்தின் குறியை மட்டும் வரிசையாகப் பாருங்கள். முதல் மூன்று எதிர்க்குறி, அடுத்த எட்டும் நேர்க்குறி, கடைசி இரண்டு எதிர்க்குறி. தற்செயலான பிழை இப்படிக் கூட்டம் கூட்டமாக வராது. தரவு வளைந்திருக்கிறது, கோடு வளையவில்லை என்பதுதான் பொருள். R² மட்டும் எழுதியவருக்கும் இந்த எச்ச வரைபடத்தைப் போட்டுக் காட்டியவருக்கும் குறைந்தது 3 மதிப்பெண் வித்தியாசம் இருக்க வேண்டும்.

சரியான சரிபார்ப்பு, 1910-க்குப் பிந்தைய கணக்கெடுப்புகளைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, மாதிரி முடிந்த பிறகு ஒப்பிடுவது. அப்படிச் செய்தால் கிடைப்பது இது, கோடியில்:

```
ஆண்டு    மாதிரி    கணக்கெடுப்பு
1930     12.24     12.28
1940     13.63     13.17
1950     14.87     15.07
1960     15.93     17.93
1970     16.80     20.32
```

1950 வரை பிழை 4 சதவீதத்துக்குள். 1960-ல் 11 சதவீதம். 1970-ல் நாடு K-யையே தாண்டிவிட்டது.

இங்கே எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கும். ஏதோ ஒரு புள்ளியில் மாதிரி விலகினாலே மதிப்பெண்ணை வெட்டுவது. 1870-ல் மாதிரி 3.94 கோடி என்கிறது, அன்றைய கணக்கெடுப்பு 3.86 கோடி. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அந்தக் கணக்கெடுப்பில் தென்மாநிலங்கள் குறைவாக எண்ணப்பட்டன. பின்னர் திருத்தப்பட்ட மதிப்பீடு 3.98 கோடி. விலகல் தரவிலும் இருக்கலாம். அதே சமயம், தரவைக் குறைசொல்லித் தப்பிப்பதையும் அளந்து பார்க்க வேண்டும். 1960 எண்ணில் அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்துவிட்டன, அதனால்தான் விலகல் என்று ஒருவர் எழுதலாம். அவை இரண்டும் சேர்ந்து சுமார் 8.6 லட்சம். விளக்க வேண்டியதோ 2 கோடி.

முடிவு பொய்த்ததற்காகத் தண்டிப்பது

1970 வரிசையைப் பார்த்ததும், மாதிரி தோற்றுவிட்டது, விளக்கப் பகுதிக்கு 1 போதும் என்று தோன்றும். பிந்தைய வரிகளை மறைத்து அட்டவணையை 1950-லேயே நிறுத்தியவருக்கு 6-க்கு 6 கிடைத்துவிடும். இரண்டும் தலைகீழ். அளக்க வேண்டியது முடிவு பலித்ததா என்பதை அல்ல, மாணவர் K-யை என்னவென்று படிக்கிறார் என்பதை.

நம் அறிக்கையின் முடிவுரை, அமெரிக்க மண் தாங்கக்கூடிய அதிகபட்ச மக்கள்தொகை 19.73 கோடி என்கிறது. சமன்பாட்டில் மண் பற்றியோ உணவு பற்றியோ தண்ணீர் பற்றியோ ஒரு தகவலும் நுழையவில்லை. நுழையாதது வெளியே வராது. K என்பது, வளர்ச்சி விகிதம் இதே போக்கில் குறைந்துகொண்டே போனால் எங்கே பூஜ்யமாகும் என்ற நீட்டிப்பு மட்டுமே.

அந்த நீட்டிப்பு எவ்வளவு தளர்வானது என்பதையும் நல்ல அறிக்கை காட்டும். வளைவு திரும்பும் இடம் K-யில் பாதி, அதாவது 9.86 கோடி. சமன்பாட்டின்படி அது 1914-ல் வருகிறது. தரவோ 1910-ல் முடிந்துவிடுகிறது. திருப்பத்தையே பார்க்காத தரவிலிருந்து உச்சியைச் சொல்கிறோம். சம இடைவெளியுள்ள மூன்று புள்ளிகளை மாற்றிப் போட்டால் இது உடனே தெரியும். திருத்துபவரே ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்:

```
K = (2·a·b·c - b²(a + c)) / (a·c - b²)
```

a, b, c என்பவை அந்த மூன்று கணக்கெடுப்புகள். 1790, 1850, 1910 போட்டால் 19.7 கோடி. 1790, 1840, 1890 போட்டால் சுமார் 25 கோடி. 1810, 1860, 1910 போட்டால் 17.4 கோடி. ஆக, 19.73 என்பதில் கடைசி இரண்டு இலக்கங்களுக்குப் பொருளே இல்லை, முதல் இலக்கத்துக்குக்கூட உத்தரவாதம் இல்லை. இதைச் செய்து, உச்சவரம்பு 17 முதல் 25 கோடி வரை எங்கும் இருக்கலாம், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாதிரியை நம்ப வேண்டாம் என்று எழுதியவருக்கு, 1970-ல் மாதிரி தோற்றிருந்தாலும், 6-க்கு 6.

எடுகோளோடு முடிச்சுப் போட்டிருக்கிறாரா என்பதையும் இங்கே பாருங்கள். 1940-க்குப் பிறகு மாதிரி ஏன் கீழே விழுந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிறப்பு விகிதம் ஏறியது. மக்கள்தொகை கூடக்கூட விகிதம் குறையும் என்ற எடுகோள் அங்கே முறிந்தது. எந்த எடுகோள் முறிந்தது என்று பெயர் சொல்லிக் காட்டாமல், எதிர்பாராத காரணிகளால் என்று எழுதினால் 2 மதிப்பெண் குறையுங்கள்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. மாணவர் K-யைத் தவறாகக் கணக்கிட்டு 22 கோடி என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் சரிபார்ப்பையும் விளக்கத்தையும் ஒழுங்காகச் செய்திருந்தால், அந்தப் பிழைக்குக் கணக்கீடு நடந்த இடத்தில் ஒரே ஒருமுறை 1 மதிப்பெண் கழித்தால் போதும். பின்னால் வரும் பக்கங்களை 22-ஐயே சரியான எண்ணாக வைத்துத் திருத்த வேண்டும். ஆனால் 22 கோடியை வைத்து வரைந்த கோடு புள்ளிகளை விட்டு விலகி ஓடுவது வரைபடத்திலேயே தெரிந்தும், நன்றாகப் பொருந்துகிறது என்று எழுதியிருந்தால் அது தொடர்பிழை அல்ல. சரிபார்ப்பில் தனியாகக் கழிக்க வேண்டிய பிழை.