நாவல் நோட்டு: ஒரே பெயரில் இரண்டு கேத்தரின் வந்தால்

எம்.ஏ. இங்கிலிஷ் முதல் வருஷம். தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவில் போய் வருகிற நேரத்தில்தான் பாடப் புத்தகங்களைப் படிப்பேன். எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை கேத்தரின் செத்துப்போனாள். நடுவில் இன்டர்னல் பரீட்சை. அது முடிந்து புத்தகத்தைத் திறந்தால் கேத்தரின் மட்டக்குதிரை ஏறிப் போய்க்கொண்டிருக்கிறாள். அச்சுப் பிழை என்றே நினைத்தேன். அது மகள், அவளுக்கும் அம்மா பெயர்தான் என்பது இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அன்றைக்குப் போட ஆரம்பித்த நோட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நாவலைத் தெரியாதவர்களுக்குக் கதை கொஞ்சம் வெளியாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

80 பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, அவ்வளவுதான் வேண்டும். கலர் ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம். நான் முதலில் மஞ்சள் அடித்த பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால் எதற்காக அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போன் ஆப்பும் எனக்கு ஒத்துவரவில்லை. பெயர்களையெல்லாம் ஒரே பார்வையில் பார்க்கிற மாதிரி விரிந்து கிடப்பது தாள்தான்.

முதல் படி: பெயர்ப் பக்கம்

நோட்டைப் பின்பக்கமாகத் திறந்து கடைசிப் பக்கத்தில் பெயர்களை எழுதுங்கள். எல்லோரும் சொல்கிற யோசனைதான், ஆனால் எனக்கு இடறியதும் இங்கேதான். வருகிற வரிசையில் கேத்தரின், லிண்டன், மிஸ்டர் லிண்டன், மிஸஸ் ஹீத்கிளிஃப் என்று இறக்கி வைத்திருந்தேன். ஒரே ஆள் மூன்று வரியில் இருந்தார், மூன்று ஆட்கள் ஒரே வரியில் இருந்தார்கள்.

எங்கள் ஆச்சியிடம் யாரைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி "எந்த வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் வெறும் பெயரைச் சொன்னால் ஆள் தெரியாது, வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நாவலுக்கும் அதே மருந்துதான். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் வுதரிங் ஹைட்ஸ் வீடு, வலது பக்கம் த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச் வீடு என்று எழுதினேன். ஆளுக்கு ஒரு வரி: பிறந்த வீடு, கட்டிப் போன வீடு, மற்றவர்கள் கூப்பிடும் பெயர்கள்.

இப்படி எழுதியதும் குழப்பம் போய்விட்டது. இடது பக்கம் எர்ன்ஷா குடும்பத்தில் ஹிண்ட்லி, தங்கை கேத்தரின், ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன். வலது பக்கம் லிண்டன் குடும்பத்தில் எட்கர், தங்கை இசபெல்லா. ஹீத்கிளிஃப் லிவர்பூலிலிருந்து கொண்டுவரப்பட்ட அநாதைப் பையன், முன்பெயரும் குடும்பப் பெயரும் அவனுக்கு ஒன்றே. அவனுக்குப் பிறந்த வீடு எழுத இடமில்லாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன். நாவலில் அவன் பிரச்சினையே அதுதான் என்பது வகுப்பில் பேசும்போது புரிந்தது. ஹீத்கிளிஃபுக்கும் இசபெல்லாவுக்கும் பிறக்கும் பையன் லிண்டன் ஹீத்கிளிஃப். அம்மாவின் குடும்பப் பெயர் அவனுக்கு முன்பெயர் ஆகிவிட்டது. எட்கரை மிஸ்டர் லிண்டன் என்பார்கள், இந்தப் பையன் வெறும் லிண்டன். நெல்லி, எல்லன், மிஸஸ் டீன் மூன்றும் ஒரே வேலைக்காரி.

மூன்றாம் அத்தியாயத்தில், கிரேஞ்ச் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கும் லாக்வுட் ஒரு ராத்திரி ஹைட்ஸில் படுக்கிற பெட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னல் விளிம்புப் பெயின்டில் கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லிண்டன் என்று கீறி வைத்திருக்கும். முதல் தடவை அதைத் தாண்டிப் போய்விட்டேன். பெயர்ப் பக்கம் போட்ட பிறகு பார்த்தால், அம்மா எர்ன்ஷாவாகப் பிறந்து, ஹீத்கிளிஃபை விரும்பி, லிண்டனாகச் சாகிறாள். மகள் லிண்டனாகப் பிறந்து, ஹீத்கிளிஃப் மகனைக் கட்டி, கடைசியில் எர்ன்ஷா ஆகப் போகிறாள். மொத்தக் கதையும் அந்த விளிம்பிலேயே இருக்கிறது.

சில பதிப்புகளில் முன்னாலேயே வம்ச மரம் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் நீங்களே எழுதுங்கள். யார் யாரைக் கட்டுவார், யார் எப்போது சாவார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: அத்தியாயத்துக்கு மூன்று வரி

புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். திறந்து வைத்து எழுதினால் காப்பிதான் அடிப்போம். பஸ்ஸில் எழுத்து கோணும், அதனால் இறங்கி, முதல் ஹவருக்கு முன்னால் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவேன். ஒன்பதாம் அத்தியாயத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், பரீட்சைக்கு முந்தின நாள் அதைப் படிக்கவே நேரமில்லை. பிறகு இப்படிச் சுருக்கினேன்:

நடந்தது: குடிபோதையில் ஹிண்ட்லி கைநழுவ விட்ட குழந்தை ஹேர்ட்டனை ஹீத்கிளிஃப் பிடிக்கிறான். எட்கருக்குச் சம்மதம் சொன்னதை கேத்தரின் நெல்லியிடம் சொல்கிறாள், பாதி மட்டும் கேட்டு ஹீத்கிளிஃப் ஓடிப்போகிறான்.

சொல்பவர்: நெல்லி, லாக்வுட்டிடம்.

கேள்வி: அவன் எழுந்து போனதை நெல்லி பார்த்தாளே, கேத்தரினிடம் ஏன் உடனே சொல்லவில்லை?

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். கதை 1801-இல் லாக்வுட்டிடம் ஆரம்பித்து, நான்காம் அத்தியாயத்தில் நெல்லி வாய் வழியாகப் பல வருஷம் பின்னால் போகிறது. அதற்கு முன்னாலேயே மூன்றில் கேத்தரினின் டைரி வரும், பதின்மூன்றில் இசபெல்லாவின் கடிதம் வரும். மூன்றாவது வரியில் ஒரே ஒரு கேள்வி போதும். நெல்லியைப் பற்றிய இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான், அவள் சொல்வதை நம்பலாமா என்று என் அசைன்மென்ட்டை எழுதினேன்.

மூன்றாம் படி: தீமுக்கு ஒரு பொருள்

'காதல்', 'பழி' என்று தலைப்புப் போட்டால் எல்லா அத்தியாயமும் அதற்குக் கீழே வந்துவிடும், ஒன்றும் பிரியாது. கையால் தொடக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது ஜன்னல். மூன்றில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறது. ஆறில் இரண்டு பிள்ளைகள் கிரேஞ்ச் வீட்டு ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். பன்னிரண்டில் காய்ச்சலில் கேத்தரின் ஜன்னலைத் திறக்கிறாள். முப்பத்து நான்கில் திறந்த ஜன்னலில் மழை அடிக்க ஹீத்கிளிஃப் செத்துக் கிடக்கிறான். உள்ளே யார், வெளியே யார் என்ற தீம் தானாக வந்து நின்றது. பொருள் நான்கு இடத்திலாவது வர வேண்டும். இரண்டு இடத்தோடு நின்றால் விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

காற்றையும் ஒரு பொருளாக வைத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. முதல் அத்தியாயத்தில் வீட்டோரம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மரங்கள் வரும். ஆடி மாசம் முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: "பதினாறில் கேத்தரின் சாகிறாள் என்று உங்கள் நோட்டில் இருக்கிறது, என் புத்தகத்தில் பதினான்கோடு எண்ணே நின்றுவிட்டதே அக்கா" என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள். அவளிடம் இருப்பது இரண்டு பாகமாகப் பிரித்த பதிப்பு. முதல் பாகம் 14 அத்தியாயம், இரண்டாம் பாகம் மறுபடி ஒன்றிலிருந்து 20 வரை. அங்கே எண்ணோடு 14-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: இரண்டாம் பாகத்தின் 2 என்பது நம்முடைய 16. பக்க எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்கினாலே அது மாறிவிடும். அத்தியாய எண்ணும், அந்தப் பத்தியின் முதல் நான்கு சொல்லும் எழுதினால் யாருடைய புத்தகத்திலும் தேடி எடுக்கலாம்.