நன்றிக் கடிதத்தில் மீதிப் பணத்தை எழுதாமல் விடாதீர்கள்

தாராவியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒவ்வொரு ஜூனிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வாங்கிக் கொடுக்கிறோம். முதல் வருடம் பணம் கொடுத்தவர்களுக்கு உருகி உருகி ஒரு நன்றிக் கடிதம் எழுதினோம். வசூல் 1,20,000 ரூபாய், பை, நோட்டுக்கு 73,600, மாலை வகுப்பு டீச்சருக்கு மூன்று மாதச் சம்பளம் 24,000. அவ்வளவுதான் கணக்கு. மறுநாளே மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார்: "தம்பி, கூட்டிப் பார்த்தேன், 97,600தான் வருது. மீதி 22,400 எங்கப்பா?"

பணம் எங்கேயும் போகவில்லை. டெம்போ வாடகைக்கும் ரசீதுப் புத்தகம் அச்சடிக்கவும் 4,400 ஆனது, 18,000 வங்கியிலேயே இருந்தது. டெம்போ செலவை எழுதக் கூச்சப்பட்டோம், மீதியைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பெரும்பாலான கடிதங்களில் நடப்பது இந்த இரண்டு தவறும்தான். வண்டி வாடகையை யாரும் குறையாக நினைப்பதில்லை, கூட்டினால் உதைக்கிற கணக்கைத்தான் சந்தேகப்படுவார்கள்.

இப்போது இப்படி எழுதுகிறோம்: போன வருட இருப்பு இவ்வளவு, இந்த வருட வரவு இவ்வளவு, செலவு இன்னின்னது, இந்தத் தேதியில் வங்கியில் மீதி இவ்வளவு, அதை இதற்கு வைத்திருக்கிறோம். முதல் இரண்டின் கூட்டலும், செலவோடு மீதியைக் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும், மீதி அதே தேதியில் பாஸ்புக்கில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பொருளாக வந்ததை இதில் கலக்காதீர்கள். ஒருவர் 20 தண்ணீர் பாட்டில் கொடுத்தால் "20 பாட்டில்" என்று தனியாக எழுதுங்கள், அதற்கு நாமே விலை போட்டு வரவில் மட்டும் சேர்த்தால் கணக்கு இடிக்கும்.

அப்புறம், "பல பிள்ளைகள் பயனடைந்தனர்" என்று எழுதாதீர்கள். 64 பிள்ளைகள், ஆளுக்கு 1,150 ரூபாய் என்று எழுதினால் படிப்பவரே பெருக்கிப் பார்த்துக்கொள்வார். நாங்கள் பணம் கேட்டபோது 80 பிள்ளைகள் என்று சொல்லியிருந்தோம். மற்ற 16 பேருக்கு மாநகராட்சிப் பள்ளியிலேயே பையும் நோட்டும் கிடைத்துவிட்டன, அதனால்தான் 18,000 மிஞ்சியது. அந்த ஒரு வரியை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் அந்தப் பெரியவர் போனே செய்திருக்க மாட்டார்.

"இது வகுப்புக்கு மட்டும்" என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவதானால் முன்கூட்டியே அவரிடம் கேட்டுவிடுங்கள். செலவழித்த பிறகு நன்றிக் கடிதத்தில் தெரிவிப்பது நம்பிக்கை மோசம்.

வரிச்சலுகைக்கு இந்தக் கடிதம் செல்லாது, அதற்கான சான்றிதழை அங்கீகாரம் உள்ள அமைப்புதான் தனியாகத் தர முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த வருட வசூலையும் இதே கடிதத்தில் கேட்காதீர்கள், நாங்கள் அதை ஏப்ரலில் தனியாக அனுப்புகிறோம்.