அமாவாசை எந்தத் தேதியில்? காலண்டரில் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

ஆங்கில மாதக் காலண்டரில் சில தேதிகளின் ஓரத்தில் கறுப்பு வட்டமும் வெள்ளை வட்டமும் இருக்கும். கறுப்பு வட்டம் நியூ மூன், வெள்ளை வட்டம் ஃபுல் மூன். அதே மாதத்தின் தினசரிக் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி சில சமயம் ஒரு நாள் முன்னதாகப் போட்டிருக்கும். இரண்டில் ஒன்று தவறு என்று நினைக்க வேண்டாம். வட்டம் ஒரு கணத்தைக் குறிக்கிறது, திதி ஒரு கால அளவைக் குறிக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

பூமியிலிருந்து பார்க்கும்போது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக எடுக்கும் நேரம் ஒரு திதி. இருவரும் ஒரே தீர்க்கரேகைக்கு வரும் கணம் நியூ மூன். அதற்கு முந்தைய 12 பாகைதான் அமாவாசைத் திதி. அதாவது நியூ மூன் நிகழும் கணத்தில் அமாவாசை முடிகிறது. பௌர்ணமியும் அப்படியே: 168 பாகையில் தொடங்கி, ஃபுல் மூன் நிகழும் 180 பாகையில் முடியும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி வெறும் கூட்டல் கழித்தல்.

படி 1: கணத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்

வானியல் அட்டவணைகள் பெரும்பாலும் UTC நேரத்தில் இருக்கும். அதோடு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். 2024 நவம்பர் 1 நியூ மூன் 12:47 UTC. கூட்டினால் மாலை 6.17. அமாவாசை முடியும் நேரம் கிடைத்துவிட்டது.

18:30 UTC-க்குப் பிறகு வரும் கணம் என்றால் இந்தியாவில் தேதியே மாறிவிடும். 2024 நவம்பர் 15 ஃபுல் மூன் 21:28 UTC. நமக்கு அது 16-ஆம் தேதி அதிகாலை 2.58. ஆனால் பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும் என்பதால், பஞ்சாங்கக் கணக்கில் அது இன்னும் 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான்.

படி 2: தொடக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

முடிவிலிருந்து ஏறத்தாழ ஒரு நாள் பின்னே போங்கள். துல்லியமாக 24 மணி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. சந்திரன் பூமிக்கு அருகில் இருக்கும்போது வேகமாக ஓடும்; திதி சுமார் 20 மணியிலேயே முடிந்துவிடும். தொலைவில் இருக்கும்போது கிட்டத்தட்ட 27 மணி வரை நீளும். ஆகவே தொடக்க நேரத்தை மட்டும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது: முந்தைய நாள் தாளில் சதுர்த்தசி முடியும் நேரம்தான் அமாவாசை தொடங்கும் நேரம்.

அந்த நவம்பர் அமாவாசை அக்டோபர் 31 பிற்பகல் 3.52-க்கே தொடங்கியது, 26 மணிக்கு மேல் நீடித்தது. அதற்கு முந்தைய பௌர்ணமியோ அக்டோபர் 16 இரவு 8.40 முதல் 17 மாலை 4.55 வரை, 20 மணி சொச்சம்தான்.

படி 3: எதற்காகப் பார்க்கிறீர்கள்?

குழப்பம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது. திதி இரண்டு தேதிகளில் பரவியிருந்தால், அந்தக் காரியத்துக்கு உரிய வேளையில் திதி இருக்கும் தேதியை எடுக்க வேண்டும்.

அமாவாசைத் தர்ப்பணத்துக்கு அபராஹ்ணம் முக்கியம். பகலை ஐந்து பங்காக்கினால் வரும் நான்காவது பங்கு அது. நவம்பர் தொடக்கத்தில் சுமார் 1 மணி முதல் 3.20 வரை. அக்டோபர் 31 அன்று அந்த வேளை கழிந்த பிறகே அமாவாசை பிறந்தது. எனவே தர்ப்பணம் நவம்பர் 1.

பௌர்ணமி இரவு வேண்டுமென்றால் கணக்கு மாறும். காலண்டர் வட்டம் அக்டோபர் 17-ல் இருந்தது. அதை நம்பி 17 இரவைப் பௌர்ணமி இரவு என்று கொண்டால் தவறு. நிலா முழுதாகத்தான் தெரியும், ஆனால் சூரியன் மறையும் முன்பே திதி பிரதமைக்குப் போய்விட்டது. பௌர்ணமித் திதியுள்ள இரவு 16.

நாழிகையில் இருந்தால்

சில பஞ்சாங்கங்கள் முடிவு நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து நாழிகையாகத் தரும். ஒரு நாழிகை 24 நிமிடம். "அமாவாசை 30.35" என்றால் 30 நாழிகை 35 விநாடி. 30 நாழிகை 12 மணி நேரம். இங்கே விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 24 நொடி; ஆகவே 35 விநாடி 14 நிமிடம். சென்னை உதயம் 6.02 என்றால் முடிவு மாலை 6.16. இதையே 30 மணி 35 நிமிடம் என்று படித்துவிட்டால் தேதியே தவறிப்போகும்.

கூட்டிப் பார்த்த விடை பஞ்சாங்கத்தோடு ஒரு நிமிடம் வேறுபட்டால் அது முழு நிமிடமாக்கியதன் விளைவு. மணிக்கணக்கில் வேறுபட்டால் முதலில் உங்கள் கூட்டலைச் சரிபாருங்கள், பிறகு பஞ்சாங்கம் எந்த வகை என்று அதன் அட்டையில் பாருங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாடுகளைப் பின்பற்றுவது. வானியல் கணத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். குடும்பத்தில் வாக்கியம் வழக்கமென்றால் அதன் நேரத்தையே முதலிலிருந்து கடைசிவரை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தை ஒன்றிலும் முடிவை மற்றொன்றிலும் எடுக்காதீர்கள்.